கேஸா, இண்டக்‌ஷனா, மின்சாரக் குக்கரா? பழைய ரசீதுகள் சொல்லும் கணக்கு

"கரண்ட்டு யூனிட் மூணு ரூபாதானேடா வருது, பேசாம இண்டக்‌ஷனுக்கே மாறிடலாம்" என்றார் தாம்பரத்தில் இருக்கும் அக்கா. 360 யூனிட்டுக்கு 987 ரூபாய் பில். வகுத்துப் பார்த்தால் மூன்று ரூபாய்கூட வராது. ஆனால் இந்த வகுத்தல்தான் பெரும்பாலான வீடுகளில் கணக்கைக் கவிழ்க்கிறது. அடுப்புக்காகப் புதிதாக ஓடும் யூனிட், ஏற்கெனவே ஓடிய 360-க்கு மேல் போய் உட்காரும். அதற்கு சராசரி விலை கிடையாது. அந்த இடத்தில் என்ன விலையோ அதுதான்.

முதலில் கேஸ். ரசீதுகளில் பார்க்க வேண்டியது தேதி, தொகை அல்ல. சென்னையில் மானியமில்லா வீட்டு சிலிண்டர் 2023-ன் தொடக்க மாதங்களில் 1,118.50 வரை போனது. அந்த ஆகஸ்ட் கடைசியில் 918.50 ஆனது, 2024 மார்ச்சில் 818.50 ஆனது, 2025 ஏப்ரலில் 868.50-க்கு ஏறியது. இவற்றையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் இன்றைய செலவு தெரியாது. ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்பதை மட்டும் தேதிகளிலிருந்து எடுத்துக்கொண்டு, இப்போதைய விலையைப் போட வேண்டும்.

அக்கா வீட்டில் நான்கு பேர். 2025 ஆகஸ்ட் 4, செப்டம்பர் 8, அக்டோபர் 15, நவம்பர் 20 என்று டெலிவரி ஆகியிருக்கிறது. 108 நாளில் மூன்று சிலிண்டர், அதாவது ஒன்றுக்கு 36 நாள். இரண்டு சிலிண்டர் இணைப்பு உள்ள வீட்டில் வந்த நாளும் மாட்டிய நாளும் ஒன்றாக இருக்காது. மூன்று நான்கு ரசீதுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். 2025 கடைசியில் இருந்த 868.50 விலையில் மாதம் 724 ரூபாய். டெலிவரி ஆளுக்குக் கொடுப்பதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். 14.2 கிலோ கேஸில் ஏறக்குறைய 180 யூனிட் அளவு வெப்பம் இருக்கிறது. ஆனால் கேஸ் அடுப்பில் பாத்திரத்தைச் சுற்றி அனல் வெளியே போகும். வீட்டுப் புழக்கத்தில் 60 சதவீதம் பாத்திரத்துக்குள் போனாலே நல்ல அடுப்பு. இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடியே சூடாவதால் 85 சதவீதம் வரை உள்ளே போகும். கணக்குப் போட்டால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் சுமார் 125 யூனிட்டில் முடிக்கும். 868.50-ஐ 125-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7 ரூபாய். உங்கள் வீட்டில் அடுத்து ஓடப்போகும் யூனிட் 7 ரூபாய்க்குள் இருந்தால் இண்டக்‌ஷன் லாபம், தாண்டினால் கேஸ் லாபம்.

தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இந்த 7 ரூபாய் விழும் இடம் விசேஷமானது. 2024 ஜூலையில் வந்து 2025-லும் வீடுகள் கட்டிய விலைப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, கடைசி 100-க்கு 6.30. அதைத் தாண்டினால் 8.40, 600-க்கு மேல் 9.45 என்று ஏறும். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 500-ஐத் தாண்டிய உடனே 2.35 என்ற சலுகை போய், அந்த 100 யூனிட்டும் 4.70 ஆகிவிடும். ஒரே ஒரு யூனிட் அதிகமானாலும் 235 ரூபாய் சேர்ந்துகொள்ளும்.

சரி, அக்கா பாதிச் சமையலை மட்டும் மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பால், டீ, பருப்பு, சாதம் இண்டக்‌ஷனில். தோசையும் தாளிப்பும் பொரியலும் கேஸில். இரண்டு மாதத்தில் 724 ரூபாய் கேஸ் மிச்சம். மின்சாரம் சுமார் 105 யூனிட் கூடும்.

ஏசி ஓடாத மாதங்களில் 360 என்பது 465 ஆகும். பில் 597 ரூபாய் ஏறும். கேஸ் மிச்சத்தில் கழித்தால் மாதம் 63 ரூபாய் லாபம். வெயில் மாதங்களில் ஏசியோடு அவர் வீட்டில் 560 ஓடுகிறது. அது 665 ஆனால் பில் 950 ரூபாய் ஏறும். மாதம் 113 நஷ்டம். அதே அடுப்பு, அதே சாம்பார். மிக மோசமானது 420-ல் இருந்து 525-க்குப் போகும் வீடு. ஏசி இல்லாமலே, அந்த 235 ரூபாயால், கோடைக்குச் சமமான நஷ்டம் வந்துவிடும். மாறாக 180 யூனிட் மட்டும் ஓடும் சின்ன வீட்டில் இதே 105 யூனிட்டுக்குக் கூடுதல் பில் 447 ரூபாய்தான். அங்கே யோசிக்கவே வேண்டாம். வீட்டுக்காரருக்கு யூனிட்டுக்கு 8, 10 என்று கொடுக்கும் வாடகை வீடுகளில் நேர் எதிர்: கேஸை விடாதீர்கள்.

மின்சாரக் குக்கரைச் சாதத்துக்கு மட்டும்தான் ஒப்பிட முடியும். 700 வாட் குக்கரில் இரண்டு ஆழாக்கு பச்சரிசி அரை மணிக்குள் வெந்துவிடும், சுமார் 0.3 யூனிட். 4.70 விலையில் 1.40 ரூபாய், 8.40 விலையில் இரண்டரை ரூபாய். கேஸில் பிரஷர் குக்கர் வைத்தால் 40 கிராம் போகும் என்று கொண்டால் அதுவும் இரண்டரை ரூபாய்தான். புழுங்கல் அரிசி என்றால் தண்ணீரும் நேரமும் கூடும். அரை மணி ஊறவைத்தால் கொஞ்சம் குறையும். குக்கரின் பெரிய ஓட்டை சமையல் முடிந்த பிறகுதான். சூடாக வைத்திருக்கும் நிலையில் 40, 50 வாட் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் வைத்த சாதத்தை மதியம் வரை அப்படியே விட்டால், சமைத்ததில் பாதிக்கு மேல் இன்னொரு முறை செலவாகும். சுவிட்சை அணைத்து மூடியைத் திறக்காமல் வைத்தாலே ஒரு மணி நேரம் சூடு நிற்கும். இண்டக்‌ஷனில் அடி தட்டையான பிரஷர் குக்கர் வைத்தால் சாதத்துக்கு அதுவே இன்னும் சிக்கனம். அடி வளைந்த பழைய குக்கர் என்றால் 85 சதவீதக் கணக்கு செல்லாது.

மாறிய பிறகு சரிபார்க்க, போன மாத பில்லோடு ஒப்பிடாதீர்கள், ஏசியும் ஃபேனும் குழப்பிவிடும். போன ஆண்டு இதே இரண்டு மாத பில்லை எடுங்கள். சிலிண்டர் 36 நாளிலிருந்து 70 நாள் பக்கம் போயிருந்தால்தான் பாதிச் சமையல் உண்மையில் மாறியிருக்கிறது. பில் மட்டும் ஏறி, சிலிண்டர் 45 நாளிலேயே தீர்ந்தால், அந்த யூனிட் வேறெங்கோ போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கெய்சர் அல்லது தண்ணீர் மோட்டார்.

அக்கா இப்போது ரீடிங் எடுத்த தேதியிலிருந்து 45-ஆவது நாளில் மீட்டரைப் பார்க்கிறார். அதற்குள் 400 ஓடியிருந்தால், அடுத்த ரீடிங் வரை இண்டக்‌ஷனை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு எல்லாமே கேஸில்தான்.