ஜன்னல் எதிரெதிரே வேண்டுமா, மேலும் கீழும் வேண்டுமா?

சென்னையில் கிழக்குப் பார்த்த இரண்டு மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கச் சுவர்கள் இரண்டும் அண்டை வீடுகளை ஒட்டியவை. ஜன்னலுக்கு முன்புறமும் பின்புறமும்தான் இடம்.

முதல் வழி குறுக்குக் காற்றோட்டம். பிற்பகலில் கடற்காற்று முன்சுவரில் மோதும்போது அங்கே அழுத்தம் கூடுகிறது, பின்சுவரின் வெளிப்புறத்தில் குறைகிறது. இரண்டிலும் திறப்பு இருந்தால் காற்று வீட்டை ஊடுருவிப் போகும். பின்பக்கம் அடைத்திருந்தால், முன்னே எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் காற்று வாசலோடு நின்றுவிடும்.

3×4 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம். கொள்ளளவு 36 கன மீட்டர். எதிரெதிரே ஒரு சதுர மீட்டர் ஜன்னல்கள். வெளியே நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று நேராக வீசினாலே அறைக் காற்று ஒன்றேகால் நிமிடத்தில் மாறிவிடும். சாய்வாக வீசினாலோ கொசுவலை அடித்திருந்தாலோ நேரம் கூடும். முன் ஜன்னலுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவே உள்ள படுக்கையறைக் கதவைச் சாத்தினால் எல்லாம் போச்சு. கதவுக்கு மேலே வென்டிலேட்டர் வைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டது பெரிய தவறு என்பேன்.

ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து இரண்டடிக்குள் இருக்கட்டும். படுத்திருப்பவர் மேல் காற்று பட வேண்டுமல்லவா? வெளியேறும் திறப்பு உள்வரும் திறப்பைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. மூலைக்கு மூலை வைத்தால் அறை முழுவதும் காற்று சுற்றும்.

இரண்டாவது, புகைபோக்கி விளைவு. சூடான காற்று எடை குறைந்து மேலேறி வெளியேற, கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதற்கு வெளியே காற்று வீசத் தேவையில்லை. உயர வித்தியாசமும் வெப்ப வித்தியாசமும் போதும். ஆனால் அதே அறையில், ஜன்னலுக்கு இரண்டு மீட்டர் மேலே 0.2 சதுர மீட்டர் வென்டிலேட்டர் வைத்தால், உள்ளே 2 டிகிரி கூடுதல் சூடு இருந்தாலும் காற்று மாற 9 நிமிடம் ஆகும். உடம்பில் காற்று படுவதே தெரியாது.

மாடிப்படியைப் பயன்படுத்தினால் கணக்கு மாறும். படிக்கட்டின் உச்சியில், மொட்டை மாடி அறையில் சாய்ந்த பட்டைகள் கொண்ட அரை சதுர மீட்டர் லூவர் ஜன்னல், கீழே ஜன்னல், இடையில் 6 மீட்டர். 3 டிகிரி வித்தியாசத்தில் அதே அளவு காற்று 2 நிமிடத்தில் வெளியேறும். இரவில் கடற்காற்று அடங்கியபின், பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் சூட்டைக் கக்கும் நேரத்தில் கைகொடுப்பது இதுதான்.

மே மாத நண்பகலில் இது தலைகீழாகும். வெளியே 38, உள்ளே 33 என்றால் குளிர்ந்த காற்று கீழே இறங்கி வெளியேறி, அனல் மேலிருந்து உள்ளே வரும். லூவர் அருகே ஊதுபத்தியைப் பிடித்தால் தெரிந்துவிடும்: புகை உள்ளே திரும்பினால் மூடிவிட வேண்டும்.

என் தேர்வு, முதலில் எதிரெதிர் ஜன்னல். பணம் மிஞ்சினால் படிக்கட்டு லூவர். அதுவும் மேற்கு முகமாகத்தான் வைக்க வேண்டும். கிழக்கே வைத்தால் மேலேறும் சூட்டைக் கடற்காற்றே உள்ளே தள்ளிவிடும். கோடைக் காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும்போது மட்டும் அதை மூடிவைக்கலாம்.