வீங்கிச் சிவந்த ஈறா, பின்வாங்கிய ஈறா: படத்தைப் பார்த்து ஈறு நோயின் கட்டம் சொல்ல முடியுமா?

அருகில் வைத்து எடுத்த இரண்டு வாய்ப் படங்களை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் ஈறு சிவந்து, உப்பி, பளபளவென்று இருக்கிறது. பல்லை ஒட்டி ரத்தம் கசிந்திருக்கிறது. இரண்டாவது படத்தில் வீக்கமும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால் ஈறு பின்வாங்கி, பற்கள் நீளமாகத் தெரிகின்றன. பல்லின் வெள்ளை முடிகிற இடத்துக்கு அப்பால் மஞ்சளாக வேர் தெரிகிறது. பெரும்பாலானவர்கள் முதல் படத்தைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். என் கணிப்பு வேறு. முதல் படம் இன்று நடக்கும் அழற்சியைக் காட்டுகிறது, இரண்டாவது ஏற்கெனவே நடந்து முடிந்த இழப்பைக் காட்டுகிறது. ஈறு நோயின் கட்டத்தைத் தீர்மானிப்பது இழப்பின் அளவு. அதனால் பொதுவாக இரண்டாவது படம்தான் முற்றிய கட்டத்துக்கு அருகில் இருக்கும். இதற்கு இரண்டு பக்கமும் பெரிய விதிவிலக்குகள் உண்டு. படத்தை மட்டும் வைத்து முடிவு செய்பவர்கள் தவறுவதும் அங்கேதான்.

நோய் ஈறோடு நிற்கும்வரை அதற்கு ஜிஞ்ஜிவைடிஸ் என்று பெயர். பல்லைப் பிடித்திருக்கும் நார்களும் எலும்பும் இன்னும் அப்படியே இருக்கும். இது திரும்பக்கூடிய நிலை. டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் 1965-ல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஈறு நலமாக இருந்தவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது அடங்கிவிட்டது. ஆகவே, இளம் வயதுக்காரர் ஒருவரின் படத்தில் ஈறு உப்பி ரத்தம் கசிந்தாலும், பற்களுக்கு நடுவே இருக்கும் ஈறு முக்கோணம் நிறைந்து நின்றால், முதலில் நினைக்க வேண்டியது ஜிஞ்ஜிவைடிஸைத்தான்.

நார்ப்பிடிப்பும் எலும்பும் குறைய ஆரம்பித்தால் அது பெரியோடான்டைடிஸ். 2018-ல் வெளியான உலக வகைப்பாடு இதற்கு மட்டும்தான் நான்கு கட்டங்கள் வைத்திருக்கிறது. இரண்டு பற்களுக்கு நடுவே, மிக மோசமான இடத்தில், பிடிப்பு 1 முதல் 2 மில்லிமீட்டர் குறைந்திருந்தால் முதல் கட்டம், 3 முதல் 4 என்றால் இரண்டாவது, 5 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாவது. நோயால் ஐந்து பற்களோ அதற்கு மேலோ போயிருந்தாலும், கடி குலைந்து முன்பற்கள் விசிறி போல விரிந்திருந்தாலும் நான்காவது. இந்த இழப்பை எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். ஈறின் ஓரத்திலிருந்து அல்ல, பல்லின் கழுத்திலிருந்து, அதாவது எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டிலிருந்து. படத்தில் நமக்குத் தெரிவதோ ஈறின் ஓரம் மட்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். மூன்று பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் 22 வயது, ஈறு நன்றாக உப்பியிருக்கிறது. மருத்துவர் கோடு போட்ட மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விடுகிறார். 4 மில்லிமீட்டர் இறங்குகிறது. ஆனால் பல்லின் கழுத்தும் ஈறோரத்துக்கு 4 மில்லிமீட்டர் கீழேதான் இருக்கிறது. நாலிலிருந்து நாலு போனால் மீதி இல்லை, அதாவது இழப்பு இல்லை. ஈறு வீங்கி மேலேறியதால் வந்த பொய்ப் பள்ளம் இது.

இரண்டாமவர் 45 வயது. படம் முதலாமவருடையதைப் போலவே இருக்கிறது: அதே சிவப்பு, அதே உப்பல், அதே ரத்தம். பற்களுக்கு நடுவே அளவுகோல் 7 மில்லிமீட்டர் இறங்குகிறது. கழுத்து 2 மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. இழப்பு 5. இவர் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறார். உள்ளே எலும்பு போய்விட்டது, அதன் மேல் வீங்கிய ஈறு திரைபோல மூடி நிற்கிறது.

மூன்றாமவரின் படத்தில் ஈறு வெளிர்ச் சிவப்பாக, உறுதியாக இருக்கிறது, ஆனால் பற்களுக்கு நடுவே கழுத்துக்குக் கீழே 3 மில்லிமீட்டர் வேர் தெரிகிறது. அளவுகோல் 2 மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. மூன்றும் இரண்டும் ஐந்து. இவரும் மூன்றாம் கட்ட அளவு இழப்பு உள்ளவர்தான். இரண்டாமவருக்கும் இவருக்கும் இழப்பு ஒன்றே, படங்கள் மட்டும் நேர் எதிர். இவருக்கு ரத்தம் கசியவில்லை, பள்ளமும் ஆழமில்லை என்பதால் இன்றைய நிலை இரண்டாமவருடையதைவிட அமைதியானது. போன எலும்பு தானாகத் திரும்ப வளராது என்பதால் கட்டம் மட்டும் குறையாது.

அப்படியென்றால் படத்தில் எதைப் பார்ப்பது? பல்லின் முன்முகத்தில் ஈறு எங்கே நிற்கிறது என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள ஈறு முக்கோணத்தைத்தான் பார்ப்பேன். முன்முகத்தில் மட்டும் ஈறு இறங்கி, முக்கோணங்கள் நிறைந்து நின்றால், அது பெரும்பாலும் ஈறு நோயே அல்ல. கடினமான பிரஷ்ஷை அழுத்தித் தேய்ப்பவர்களுக்குக் கோரைப்பல்லிலும் அதையடுத்த சிறு கடைவாய்ப் பற்களிலும் இப்படி வரும். கழுத்தில் வெட்டுப் போட்ட மாதிரி ஒரு பள்ளமும் சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். இந்த வகை இறக்கத்தைக் கட்டக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பல் கூச்சத்துக்கு வைத்தியம் வேண்டும், துலக்கும் முறை மாற வேண்டும், அவ்வளவுதான்.

முக்கோணமே மழுங்கி, பற்களுக்கு நடுவே கறுப்பு ஓட்டை தெரிந்தால் கதை வேறு. டார்னோவும் அவர் குழுவினரும் 1992-ல் இதை அளந்து காட்டினார்கள். இரண்டு பற்கள் தொட்டுக்கொள்ளும் புள்ளியிலிருந்து கீழே எலும்புவரை 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஈறு அந்த இடத்தை ஏறக்குறைய எப்போதும் நிரப்புகிறது. 6 ஆனால் பாதிக்குச் சற்று மேலான இடங்களில்தான் நிரம்புகிறது, 7 ஆனால் நாலில் ஒன்றுதான். அந்தக் கறுப்பு ஓட்டை பெரும்பாலும் எலும்பு இறங்கியதைச் சொல்கிறது. முன்பற்கள் பலவற்றின் நடுவே வரிசையாக அது தெரிந்தால், இரண்டாம் கட்டமோ அதற்கு மேலோ என்று சந்தேகப்படுவது நியாயம். அளவு மதிப்பிட ஒரு வழி உண்டு. மேல் முன்பல்லின் வெள்ளைப் பகுதி சுமார் 10 முதல் 11 மில்லிமீட்டர் நீளம். தெரியும் வேர் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். கேமரா சாய்ந்திருந்தால் இந்தக் கணக்கு தவறும், அதனால் நேராக எடுத்த படத்தில் மட்டும் செய்ய வேண்டும்.

வீங்கிய படத்துக்கும் ஒரு எச்சரிக்கை. நிறத்தை நம்பாதீர்கள். நம்மில் பலருக்கு ஈறில் இயல்பாகவே கருமை உண்டு, அது நோயல்ல. ஆனால் அதன் மேல் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே உருவத்தைப் பார்க்க வேண்டும். நலமான ஈறோரம் கத்தி முனை போல மெலிந்து பல்லோடு படிந்திருக்கும். வீங்கியது தடித்து உருண்டு நிற்கும், மேற்பரப்பு வழவழவென்று ஒளியைத் திருப்பும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. புகைப்பவர்களின் ஈறில் அழற்சி மட்டுப்பட்டுத் தெரியும், ரத்தக் கசிவும் குறையும். ஈறு வெளிறிக் கெட்டியாக, சுத்தமானது போலவே படத்தில் விழும். உள்ளே பள்ளம் 6, 7 மில்லிமீட்டர் இருக்கலாம். புகைப்பவரின் 'ரத்தமே வருவதில்லை' என்ற சொல்லை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை.

எல்லா வீக்கமும் அழுக்கால் வந்ததும் அல்ல. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடோயின் போன்ற மாத்திரைகள் ஈறைத் தடிக்க வைக்கலாம். தொடாமலேயே ரத்தம் கசிந்து, உடம்பில் காரணமில்லாத நீலத் திட்டுகளும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் பல் வைத்தியத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

இனி நம் ஊரில் அடிக்கடி கேட்கும் ஒன்று: 'ஸ்கேலிங் பண்ணினதுக்கு அப்புறம்தான் ஈறு இறங்கிப் போச்சு, பல் இடைவெளி விட்டுடுச்சு.' முன்பு சொன்ன இரண்டாமவரையே திரும்ப எடுங்கள். பல்லில் இறுகிய காரையை அகற்றி வேர்வரை சுத்தம் செய்து மூன்று மாதம் கழித்து அளந்தால், ஈறோரம் 3 மில்லிமீட்டர் இறங்கி, பல்லின் கழுத்து 1 மில்லிமீட்டர் வெளியே தெரியலாம். பள்ளம் 7-லிருந்து 3 ஆகியிருக்கும். ஒன்றும் மூன்றும் நாலு. இழப்பு 5 இருந்தது, இப்போது 4. ஈறு பல்லோடு இறுகியதால் அளவு குறைந்ததே தவிர, கட்டம் மூன்றாவதாகவே இருக்கும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் பிந்தையதுதான் பார்க்க மோசமாக இருக்கும், ஏனென்றால் வீக்கம் மறைத்திருந்த பழைய இழப்பு வெளியே வந்துவிட்டது. இடைவெளியும் காரை அடைத்திருந்த இடம்தான். இதைச் சுத்தம் செய்வதற்கு முன்பே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை. சொல்லாமல் விட்டால் அடுத்த முறை அந்த ஆள் வரமாட்டார், நோயோ தொடரும்.

வீட்டில் படம் எடுப்பதானால் துலக்கியவுடன் எடுக்காதீர்கள். அழுத்தித் துலக்கினாலே கொஞ்சம் சிவக்கும். உதட்டை விலக்கி முன்னாலும் இரு பக்கமும், கீழ் முன்பற்களின் உள்பக்கமும் எடுங்கள். காரை அதிகம் சேரும் இடம் அந்த உள்பக்கம்தான். ஆழமான பள்ளங்கள் அதிகம் வரும் கடைவாய்ப் பற்களின் நடுப்பகுதிகள் எந்தப் படத்திலும் வராது. அதனால் படத்தில் கறுப்பு முக்கோணம் தெரிந்தாலோ, 30 வயதைத் தாண்டியவருக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தாலோ, மருத்துவரிடம் வெறும் ஸ்கேலிங் மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் பள்ளத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், பற்களின் நடுவே எலும்பு எங்கே நிற்கிறது என்று எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள்.