கடை சர்வருக்கு ஸ்டாட்டிக் ஐபி: மூன்றாவது வருடம்

நெல்லை டவுனில் எங்கள் பாத்திரக்கடை. பில்லிங் சர்வர் பின்னறையில் ஓடுகிறது, அம்பாசமுத்திரம் கிளையும் அதில்தான் பில் போடுகிறது. மாறாத பொது முகவரியான ஸ்டாட்டிக் ஐபி வாங்கும் முன் ரூட்டரின் WAN பக்கத்தில் 100.72 என்று தொடங்கும் முகவரி இருந்தது. 100.64 முதல் 100.127 வரை எது தொடக்கத்தில் இருந்தாலும், அது பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்கான உள்முகவரி. நம் ரூட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தாலும் வெளியாள் உள்ளே வர வழியில்லை.

பணம் கட்டியதும் இப்படி மூன்று வரி தந்தார்கள். எண்களை மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.

```
IP address   203.0.113.42
Subnet mask  255.255.255.252
Gateway      203.0.113.41
```

போட வந்த பையன் முகவரியையும் கேட்வேயையும் பார்த்துப் போட்டான். மாஸ்க்கில் மட்டும் கைப்பழக்கத்தில் 255.255.255.0 என்று அடித்துவிட்டுப் போய்விட்டான். அப்படியும் எல்லாம் ஓடியது! மொபைல் டேட்டாவில் பார்த்தால் சர்வர் வந்தது, கிளையிலும் பில் விழுந்தது.

சில மாதம் கழித்து கிளைக்கும் அதே நிறுவனத்தில் ஸ்டாட்டிக் ஐபி வாங்கினோம். கிடைத்தது 203.0.113.90. அன்றைக்கே போன்: "அண்ணாச்சி, அங்க சர்வர் ஓடுதா? இங்க சுத்திக்கிட்டே நிக்கி." என் மொபைலில் திறந்தால் உடனே வருகிறது. கிளையில் மட்டும் இல்லை.

காரணம் அந்த மாஸ்க்தான். கடைசி எண் 252 என்றால் நம் வட்டத்தில் 40 முதல் 43 வரை நாலே முகவரி. மற்றதெல்லாம் கேட்வே வழியாகப் போகும். 0 என்று போட்டால் 203.0.113-இல் தொடங்கும் எல்லாமே பக்கத்து வீடு என்று ரூட்டர் நினைத்துக்கொள்ளும். கிளையின் கோரிக்கை சர்வருக்கு வந்து சேர்ந்தது. பதில் அனுப்பும்போது ரூட்டர் கேட்வேயிடம் கொடுக்காமல், தன் கம்பியிலேயே 90-ஐக் கூப்பிட்டுப் பார்த்தது. அங்கே அப்படி யாரும் இல்லை. ரூட்டரின் பிங் பக்கத்தில் 8.8.8.8 பதில் தந்து, 203.0.113.90 மட்டும் தராமல் நின்றபோது விஷயம் பிடிபட்டது. மாஸ்க்கைத் திருத்திச் சேமித்ததும் பில் விழுந்துவிட்டது.

இணைப்பு பிபிபிஓஇ வகை என்றால் இந்தத் தொல்லையே இல்லை. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டால் போதும், நிலையான முகவரியை அவர்கள் பக்கத்திலிருந்தே தருவார்கள். அதில் போய் ஸ்டாட்டிக் என்று மாற்றினால் நெட்டே வராது.

மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்வருக்கு ரூட்டரிலேயே 192.168.1.10 என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம், மின்சாரம் போய் வந்தாலும் போர்ட் வழி மாறாது. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டைத் திறந்து வைத்தபோது, முகம் தெரியாதவர்கள் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்த பதிவுகளே லாக் முழுக்க நிறைந்தன. அதை மூடிவிட்டு இப்போது வயர்கார்டு என்ற விபிஎன் வழியாகத்தான் உள்ளே போகிறோம்.