ஆர்.சி.யில் பெயர் மாற்றக் கொடுத்தார்கள், வண்டியே கைமாறியிருந்தது

திருமணமான பெண். கார் அவர் பெயரில்தான் இருந்தது, அதுவும் பழைய இனிஷியலோடு. புதுப் பெயரைப் போட வேண்டும், கணவரையும் இணை உரிமையாளராகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு ஏஜென்டிடம் போனார்கள். "ரெண்டும் ஒரே வேலைதான்" என்றார் அவர். அசல் ஆர்.சி., இருவரின் அடையாள அட்டை நகல்கள், நிரப்பாத நான்கு படிவங்களில் கையெழுத்து. திருமணச் சான்றிதழைக் கேட்கவே இல்லை. சில வாரங்களில் புது ஆர்.சி. வந்தது. அதில் கணவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

அந்த ஏஜென்ட் போட்டது பெயர் திருத்த விண்ணப்பம் அல்ல, விற்பனை வழி உரிமை மாற்றம். மனைவி விற்பவர், கணவர் வாங்குபவர். ஏஜென்டுக்கு இது தினசரி கைப்பழக்கமான வேலை. பழைய பெயர்க்காரரும் புதுப் பெயர்க்காரரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் தொல்லையும் இதில் கிடையாது, ஏனென்றால் பழைய பெயரிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார். திருமணச் சான்றிதழ் கேட்காத இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள்தானே இருக்கிறது வண்டி, என்ன கெட்டுப்போச்சு என்று தோன்றலாம். வண்டி இரண்டாவது கைக்குப் போனதாகப் பதிவாகிவிட்டது. நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார். இன்ஷூரன்ஸ் பாலிசி மனைவி பெயரிலேயே நிற்கிறது. விபத்து நடந்த தேதியில் பாலிசிதாரர் வண்டிக்குச் சொந்தக்காரர் இல்லை என்றால் வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் அங்கேயே சிக்கும். சரிசெய்யப் போனாலும் அது 'திருத்தம்' ஆகாது; கணவரிடமிருந்து மனைவிக்கு இன்னொரு உரிமை மாற்றம் என்றுதான் முடியும். கட்டணமும் மறுபடி, கைமாறிய கணக்கிலும் ஒன்று கூடும்.

உண்மையில் இவை இரண்டு தனி வேலைகள். முதலில் பெயரை முடிக்க வேண்டும். இதில் ஆள் மாறவில்லை, பெயர் மட்டும் மாறுகிறது. அதனால் வழக்கமாகக் கேட்கப்படுபவை: விண்ணப்பம், அசல் ஆர்.சி., பழைய பெயரும் கணவர் பெயரும் தெளிவாக இருக்கிற திருமணச் சான்றிதழ், புதுப் பெயரில் அடையாள அட்டை, முகவரி மாறியிருந்தால் அதற்கான சான்று, நடப்பில் உள்ள இன்ஷூரன்ஸ். அடையாள அட்டையை முதலில் மாற்றிவிட்டுத்தான் ஆர்.சி.க்கு வர வேண்டும். பெரும்பாலும் விண்ணப்பம் திரும்புவது இனிஷியலால்தான். ஆர்.சி.யில் முன்னால் ஓர் எழுத்து, திருமணச் சான்றிதழில் அதன் முழு விரிவு, புது அட்டையில் பின்னால் கணவர் பெயர் என்று இருந்தால், சரிபார்ப்பவருக்கு அது மூன்று ஆள். பழைய பெயரையும் புதுப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து சொல்லும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் அந்த இடைவெளியை அடைக்கும்.

அடுத்தது இணை உரிமையாளர். எல்லாப் பதிவு அலுவலகங்களும் ஒரு வண்டிக்கு இரண்டு பெயரை ஏற்பதில்லை, அதை முதலில் அலுவலகத்திலேயே கேளுங்கள். முடியாத இடத்தில் ஏஜென்ட் நாமினியைச் சேர்த்துவிட்டு "இணை உரிமை ஆயிடுச்சு" என்பார். நாமினிக்கு உரிமையாளர் உயிரோடு இருக்கும்வரை வண்டியில் எந்தப் பங்கும் கிடையாது. ஏற்கிற இடத்தில் இருவரும் கையெழுத்திட்ட விண்ணப்பம், அசல் ஆர்.சி., இருவரின் அடையாளச் சான்று, சேர்பவரின் முகவரிச் சான்று கேட்பார்கள். கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் வேண்டும். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் கடன் இருப்பதாகச் சொல்லும் குறிப்பு நீங்காமல் இருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள். இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்: இரண்டு பேர் உரிமையாளர் என்றால், பிறகு விற்கும்போதும் பொதுவாக இரண்டு கையெழுத்து வேண்டும்.

கையெழுத்திடும் முன் படிவத்தின் தலைப்பைப் படியுங்கள். விற்பவர், வாங்குபவர் என்ற கட்டங்கள் இருந்தால் அது உரிமை மாற்றப் படிவம், பேனாவை மூடிவிடலாம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். அடையாள அட்டை நகலின் குறுக்கே 'ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

பணம் கட்டியதும் ஏஜென்ட் எழுதித் தரும் துண்டுச்சீட்டு போதாது, அலுவலக ரசீதையே கேட்டு வாங்குங்கள். எந்தச் சேவைக்காகக் கட்டணம் என்று அதில் இருக்கும். 'உரிமை மாற்றம்' என்று பார்த்தால் அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய், விண்ணப்பத்தை நிறுத்தும்படி எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். ஒப்புதல் ஆகிப் புது ஆர்.சி. அச்சான பிறகு போனால், மேலே சொன்ன தம்பதியைப் போல இன்னொரு மாற்றத்துக்குத்தான் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.