உடைந்தது அதே கல், கேட்டதோ வேறு கேள்வி: நான்கு வருடச் சரக்குக் காப்பீட்டு அனுபவம்

லாரியில் அனுப்பும் சரக்குக்குக் காப்பீடு எடுக்கலாமா என்று, காரைக்குடியில் கடை வைத்திருக்கும் நண்பர் சென்ற வாரம் கேட்டார். ஆத்தங்குடித் தரைக்கற்களை வாங்கிப் பெங்களூருக்கு அனுப்பும் நான், நான்கு வருடங்களாக அதற்குப் பிரீமியம் கட்டி வருகிறேன்.

முதலில் நான் எடுத்தது 'பி' பிரிவு. இடி, தீ, பாலம் உடைதல், லாரி மோதுதல், கவிழ்தல் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு மட்டுமே அது பணம் தரும். ஒரு முறை லாரி சாலை நடுத்தடுப்பில் மோதியபோது மறுபேச்சின்றிப் பணம் வந்தது. அதற்காக அந்த நிறுவனத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் அடுத்த வருடம், பார்சல் ஆபீசில் வண்டி மாற்றும்போது பெட்டியைத் தொப்பென்று போட்டதில் அதே போலக் கற்கள் உடைந்தன, ஒரு பைசா வரவில்லை. எத்தனை உடைந்தன என்பதைவிட எதனால் உடைந்தன என்பதே அவர்களுக்கு முக்கியம். மழையில் நனைந்தாலும் திருடு போனாலும், தனியாகச் சேர்த்திருந்தாலொழிய, இந்தப் பிரிவில் இதே பதில்தான்.

எனவே கூடுதல் பிரீமியம் கட்டி, விலக்கப்பட்டவை தவிர எல்லாச் சேதத்தையும் ஏற்கும் 'ஏ' பிரிவுக்கு மாறினேன். கல் ஒன்று 50 ரூபாய் வீதம் 2,000 கற்கள். பில் தொகையோடு 10 சதவீதம் சேர்த்து 1,10,000 ரூபாய்க்குக் காப்பீடு. போய்ச் சேர்ந்தபோது 140 கற்கள் உடைந்திருந்தன. சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் உடைந்த கற்களை எண்ணுவதற்கு முன் பெட்டிக்குள் கையை விட்டு வைக்கோலைத் தடவிப் பார்த்தார். இரண்டு பெட்டிகளில் கற்களுக்கு இடையே வைக்கோல் இல்லாமல் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. போதாத பேக்கிங் எந்தப் பிரிவிலும் விலக்கு என்பதால், அவற்றில் இருந்த 40 கற்கள் கழிந்தன. மீதி 100 கற்களுக்கு 5,500 ரூபாய். அதில் என் பங்காக, காப்பீடு செய்த மொத்தத் தொகையில் ஒரு சதவீதமான 1,100 போக, கைக்கு வந்தது 4,400.

சர்வேயர் சொன்னது நியாயம்தான், வைக்கோலை மிச்சம் பிடித்தது என் ஆள். எரிச்சல் வேறு இடத்தில். கையால் வார்க்கும் இந்தக் கற்களில் ஒரு தடவை வார்த்த நிறம் மறு தடவை அப்படியே அமையாது; 140 கற்களுக்காகக் கூடம் முழுவதையும் மாற்றித் தரச் சொன்னார் பெங்களூர்க்காரர். உடையாத கல்லுக்குக் காப்பீட்டில் பதில் இல்லை.

சரக்கை இறக்கும்போதே லாரி ரசீதில் சேதத்தை எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கியதால்தான் இந்த அளவாவது கிடைத்தது. லாரி ஆபீசுக்கும் உடனே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். 2007ஆம் வருடச் சட்டப்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அதைக் கொடுக்காவிட்டால் அவர்கள்மேல் வழக்குப் போட வழியில்லை, அந்த உரிமையை நாம் கெடுத்துக்கொண்டால் காப்பீட்டு நிறுவனமும் பணத்தில் கைவைக்கும்.

பாலிசி நல்ல பாலிசிதான். நண்பரை 'ஏ' பிரிவே எடுக்கச் சொன்னேன். நான் மட்டும், இந்தத் தடவை புதுப்பிக்கும் படிவத்தை இன்னும் மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.