எண்ணெய் விலைப்பட்டியலில் ‘மிகக் குறைவு’ என்று பச்சை அடித்திருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

விடுதி மெஸ், கேன்டீன், சமையல் ஒப்பந்தம் என்று மொத்தமாகச் சமையல் எண்ணெய் வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் விடுதி மெஸ்ஸுக்கு எண்ணெய் தரும் விநியோகஸ்தர் ஒவ்வொரு காலாண்டுத் தொடக்கத்திலும் எக்செல் பட்டியல் ஒன்றை அனுப்புவார். அதில் ஒவ்வொரு பேக்கிற்கும் ‘அலகு விலை’ என்றொரு பத்தி இருக்கும். எல்லாவற்றிலும் மலிவானது எதுவோ அந்த வரிசை பச்சை நிறத்தில் ‘மிகக் குறைவு’ என்ற குறிப்போடு வரும். மெஸ் குழு அந்தப் பச்சை வரிசையைப் பார்த்து ஒரு காலாண்டு முழுவதற்கும் பாக்கெட் பெட்டிகளையே வாங்கியது. எண்ணெய்ச் செலவு ஏன் கூடியது என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோதுதான், அந்தப் பட்டியலிலேயே விலை கூடிய பொருளுக்குப் பச்சை அடித்திருந்தது தெரிந்தது.

பட்டியலில் ஒரே நிறுவனத்தின் சூரியகாந்தி எண்ணெய் மூன்று வடிவங்களில் இருந்தது. 12 பாக்கெட் கொண்ட பெட்டி 1,380 ரூபாய், 15 லிட்டர் டின் 2,010 ரூபாய், 15 கிலோ டின் 2,130 ரூபாய். அலகு விலைப் பத்தியில் பெட்டிக்கு 115 என்றும் லிட்டர் டின்னுக்கு 134 என்றும் போட்டிருந்தார்கள். கிலோ டின்னுக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. 115 தான் சிறிய எண் என்பதால் பச்சை அங்கே விழுந்திருந்தது.

அந்த 115 எப்படி வந்தது என்று கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தால் விஷயம் வெளிப்பட்டுவிடுகிறது. விலையை 12ஆல் வகுத்திருந்தார்கள். அதாவது அது ஒரு பாக்கெட்டின் விலையே தவிர ஒரு லிட்டரின் விலை அல்ல. பாக்கெட்டில் அச்சிட்டிருந்த நிகர அளவோ 850 மில்லி. பார்வைக்கு ஒரு லிட்டர் பாக்கெட்டைப் போலவே இருக்கும், கையில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. 12 பாக்கெட் சேர்ந்து 10.2 லிட்டர்தான் என்பதால், உண்மையில் ஒரு லிட்டர் 135 ரூபாய்க்கு மேல் போகிறது. பக்கத்து வரிசையில் இருந்த லிட்டர் டின்னைவிட இது அதிகம்.

காலியாக இருந்த கட்டத்தின் கதை இன்னும் மோசம். அதில் இருந்த சூத்திரம் இதுதான்:

```
=IFERROR(D4/C4,"")
```

மற்ற வரிசைகளில் அளவு வெறும் எண்ணாக இருக்க, இங்கே மட்டும் C4 கட்டத்தில் ‘15 கிலோ’ என்று எழுத்தோடு சேர்த்துத் தட்டியிருந்தார்கள். எழுத்து கலந்த அளவால் வகுக்க எக்செல்லால் முடியாது. வழக்கமாக அது #VALUE! என்று பிழை காட்டும். IFERROR அந்தப் பிழையை மறைத்துக் கட்டத்தை வெறுமையாக்கிவிடுகிறது. குறைந்த விலையைத் தேடும் MIN சூத்திரம் இப்படிப்பட்ட கட்டத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. ஆக, கிலோ டின் போட்டியில் தோற்கவில்லை, போட்டிக்கே வரவில்லை. இது கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் முந்தைய காலாண்டுப் பட்டியலிலும் அதே கட்டம் காலியாகத்தான் இருந்தது.

விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டதற்கு, “சார், அதையும் போட்டால் 142 வரும். லிட்டர் டின் 134தான். எப்படிப் பார்த்தாலும் கிலோ டின் உங்களுக்குக் கட்டுப்படியாகாது” என்றார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 142 என்பது ஒரு கிலோவின் விலை, 134 என்பது ஒரு லிட்டரின் விலை. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும். 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோ என்றால், அதில் கிலோ விலை 147 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. கிலோ டின்தான் மூன்றிலும் மலிவு.

பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் ‘பெட்டிகளுக்கு வரி தனி’ என்று ஒரு வரியும் இருந்தது. டின்களின் விலை வரி உட்பட. 5 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் பெட்டி 1,449 ரூபாய். அதில் உள்ள எண்ணெய் சுமார் 9.28 கிலோ. கிலோ 156 ரூபாய் ஆகிறது. மாதம் 150 கிலோ செலவாகும் மெஸ்ஸில், 142 ரூபாய் டின்னை விட்டுவிட்டு இந்தப் பெட்டியை வாங்கினால் மாதம் 2,100 ரூபாய்க்கு மேல் வீண்.

எனவே விநியோகஸ்தர் தரும் அலகு விலைப் பத்தியை அழித்துவிட்டு நீங்களே போடுங்கள். B பத்தியில் எண்ணிக்கை, C பத்தியில் ஒன்றின் நிகர அளவு, D பத்தியில் ‘கிலோ’ அல்லது ‘லிட்டர்’, E பத்தியில் வரி உட்பட்ட விலை என்று வைத்துக்கொண்டால், F பத்தியில் மொத்தக் கிலோவும் G பத்தியில் கிலோ விலையும் இப்படி வரும்:

```
F2: =B2*C2*IF(D2="லிட்டர்",0.91,IF(D2="கிலோ",1,NA()))
G2: =E2/F2
```

850 மில்லியை C பத்தியில் 0.85 என்று எழுத வேண்டும். D பத்தியில் வேறு எதையாவது தட்டிவிட்டால் #N/A என்ற பிழை தெரியும். G பத்தியின் மேல் போடும் MIN சூத்திரமும் அதே பிழையைத்தான் காட்டும். அது தெரியட்டும், IFERROR போட்டு அழகுபடுத்த வேண்டாம். 0.91 என்பது கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றுக்குப் போதுமான தோராயம். தேனுக்கோ பாத்திரம் கழுவும் திரவத்துக்கோ இதைப் பயன்படுத்தினால் கணக்கு தவறிவிடும். சூடான எண்ணெய் விரிவதால் லிட்டர் அளவுக்கு வெப்பநிலையும் முக்கியம்: 2022இல் மத்திய அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு விடுத்த அறிவுரையில், ஒரே அளவு சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம் என்றால் 60 டிகிரியில் 892.6 கிராம்தான் இருக்கும் என்று காட்டப்பட்டிருந்தது. லேபிளில் லிட்டரோடு கிராமும் அச்சாகியிருந்தால் 0.91ஐ விட்டுவிட்டு அந்தக் கிராமையே எடுத்துக்கொள்ளுங்கள்.

லேபிளிலேயே அலகு விலை இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். பொட்டலப் பொருள் விதிகளில் 2021இல் செய்த திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஒரு லிட்டருக்குக் குறைந்த பாக்கெட்டில் அது மில்லி விலையாக, இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கி அச்சாகிறது. 0.14 ரூபாய் என்று கண்டால், அது லிட்டருக்கு 135 ரூபாயாகவும் இருக்கலாம், 144 ரூபாயாகவும் இருக்கலாம். நாம் தேடும் வித்தியாசமே அந்த இடைவெளிக்குள் மறைந்துவிடுகிறது. தவிர, அது அதிகபட்ச விற்பனை விலையை வைத்துப் போட்டது; மொத்த விலைக்கு அது பொருந்தாது.

டின் வந்து இறங்கியதும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. முழு டின்னை எடை போட்டுக் குறித்துவைத்து, காலியானதும் வெற்று டின்னை எடை போட்டுக் கழித்துப் பார்க்க வேண்டும். தகர எடையையும் சேர்த்து 15 கிலோ என்று விற்கும் கடைகள் உண்டு.

கொடுத்த அதிகத் தொகையைத் திருப்பித் தர எங்கள் விநியோகஸ்தர் மறுத்துவிட்டார். பட்டியலில் இருந்த விலைக்குத்தான் பில் போட்டோம் என்பது அவர் வாதம், விலையைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. நிகர எடை, வரி உட்பட்ட விலை என்ற இரண்டு பத்திகள் மட்டும் கொண்ட வெற்றுப் படிவத்தை அடுத்த காலாண்டுக்கு அவருக்கும் வேறு இருவருக்கும் அனுப்பினோம். மற்ற இருவரும் மறுநாளே நிரப்பி அனுப்பினார்கள். அவரிடமிருந்து மீண்டும் பச்சை அடித்த பழைய பட்டியலே வந்தது.