ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து 18 மாதம்: என் முடி இரண்டு முறை கொட்டியது

எடை 104 கிலோ இருந்தபோது, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது 69. முடி கொட்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனால் இரண்டு தடவை கொட்டும் என்றும், இரண்டுக்கும் காரணம் வேறு என்றும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை மூன்றாவது மாத முடிவில் தொடங்கியது. தலைக்குக் குளித்தால் பாத்ரூம் ஜல்லடை அடைத்துக்கொள்ளும். கொட்டிய முடியை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் முழு நீளம், வேர்ப்பக்கம் வெள்ளையாக ஒரு சின்ன முண்டு. உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை மொத்தமாக உதிரும். அதாவது இன்று கொட்டும் முடிக்கு, ஆபரேஷன் நடந்த வாரத்திலேயே சீட்டுக் கிழித்தாயிற்று. அதை எந்த மாத்திரையாலும் தடுக்க முடியாது.

இது தெரியாமல் நான் முடிக்கு நல்லது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, 10 மில்லிகிராம், வாங்கிப் போட ஆரம்பித்தேன். முடி அதன் போக்கில் கொட்டியது. ஆறாவது மாத ரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மிகக் குறைவு, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் முதலில் கேட்டதே, "பயோட்டின் போடுறீங்களா?" என்றுதான். பல லேப்களில் அந்தப் பரிசோதனை செய்யும் முறையையே பயோட்டின் குழப்பிவிடுமாம். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது. வீணாக ஒரு வாரம் பயந்ததுதான் மிச்சம்.

உண்மையில் என்னிடம் இருந்த தப்பு சாப்பாட்டில். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்றார்கள். நானோ கஞ்சி, ரசம் சாதம், ஒரு இட்லி என்று காலம் தள்ளினேன். ஒரு இட்லியில் இருப்பது ஏறக்குறைய 2 கிராம். டயட்டீஷியனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டால் 30-ஐக்கூடத் தாண்டவில்லை. அப்புறம் தட்டில் முதல் வாய் முட்டை, மீன், பனீர் என்று மாற்றினேன், பற்றாததற்குப் புரதப் பொடி. ஏழாவது மாதம் நெற்றி ஓரத்தில் பூனைமுடி மாதிரி புதுசு முளைத்தது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். பதினோராவது மாதம் மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை எடை நின்றுவிட்டது, அதிர்ச்சியும் ஒன்றுமில்லை. கூடவே ஒரு விசித்திரம்: ஃப்ரிட்ஜில் இருந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டே இருந்தேன். மகள் கேலி செய்தாள். ஹீமோகுளோபின் 12.1, "ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். ஃபெரிட்டின் கேட்டு எடுத்தேன்: 11. ஹீமோகுளோபின் குறைவதற்கு வெகு முன்பே சேமிப்பு இரும்பு காலியாகிவிடும், ஃபெரிட்டின் அந்தச் சேமிப்பின் கணக்கு. ஆனால் உடம்பில் காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் அது பொய்யாக உயர்ந்து நிற்கும், அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம்.

இரும்பு மாத்திரை தினமும் போட்டுக்கொண்டுதானே இருந்தேன்? போட்டேன், கால்சியத்தோடு சேர்த்து, காலை டீக்கு முன்னாடி. இரண்டுமே இரும்பை உறிஞ்சவிடாது. ஸ்லீவுக்குப் பிறகு வயிற்றில் அமிலமும் குறைவு, மாதவிடாயும் உண்டு. இப்போது கால்சியம் காலை, இரவு சாப்பாட்டோடு. இரும்பு மாலை நாலு மணிக்கு, டீ அதற்கு இரண்டு மணி நேரம் தள்ளி. மூன்று மாதத்தில் 27, ஆறு மாதத்தில் 44. ஐஸ் ஆசை முதல் மாதத்திலேயே போய்விட்டது. முடி நிற்க நாலு மாதம் ஆயிற்று.

துத்தநாகமும் பார்த்தோம், சரியாக இருந்தது. முடிக்கு நல்லது என்று தனியாக அதிகம் போட்டால் உடம்பில் தாமிரம் குறைந்து, ரத்தசோகை, கால் மரத்துப்போவது என்று வேறு வம்பு வரும். மல்டிவைட்டமினில் இருப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

என் நாத்தனார் எடை குறைக்க செமாகுளூடைட் ஊசி போடுகிறாள். நாலு மாதத்தில் 12 கிலோ. "அண்ணி, ஊசிதான் முடியைக் கொட்ட வைக்குதா?" என்றாள். அதே மருந்துள்ள வெகோவி ஊசியின் ஆய்வில் முடி கொட்டியதாகச் சொன்ன பெரியவர்கள் 100-க்கு 3 பேர், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 1. பெரும்பாலும் வேகமாக எடை குறைவதுதான் காரணம் என்கிறார்கள். அவளுக்கு உறிஞ்சுவதில் சிக்கலில்லை, பசியே இல்லாததால் மதியம் இரண்டு பிஸ்கட்டோடு முடித்துவிடுகிறாள். முதலில் சாப்பிடும் புரதத்தை எண்ணச் சொன்னேன்.

முன்பு ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றுவேன். நடுவில் நாலு ஆனது, இப்போது மூன்று. நடு வகிடு மட்டும் இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது. அது பரம்பரை வழுக்கை வகை, கொட்டியதில் வெளியே தெரிந்துவிட்டது, இரும்பால் அடையாது என்று தோல் டாக்டர் சொல்லி வேறு மருந்து எழுதியிருக்கிறார்.